நான் மண் பூசிய மரங்கள்

மலாயாவின் பேராக்கில் புதிய ஆட்களுக்குப் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் பழக்கி, தேறியவர்களை நிரந்தர வேலைக்கு எடுக்கும் திட்டத்தை முதன்முதலில் உண்டாக்கியவன் நான்தான்.

பொய். முதன்முதலில் என்பதும் பொய், நான் என்பதும் முக்கால் பொய். திட்டம் போட்டவர் எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியார். சரி என்று தலையாட்டியவர் தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரத் துரை. கங்காணி என்ற பெயரில் நடுவில் நின்று நானும் தலையாட்டினேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். ஈப்போவில் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து எழுதக் கற்றவன். திட்டம் என்ற சொல்லே எனக்குப் பலசரக்குக் கடையில் கிடைக்கும் சாமான் போலத்தான் இருந்தது.

ரப்பர் விலை ஏறிய வருஷம் அது. மரம் இருந்தது, வெட்ட ஆள் போதவில்லை. புல்வெட்டு வேலையை வெளியாள் ஒருவனுக்குக் குத்தகைக்கு விடப் போவதாகத் துரை சொல்லிவிட்டார். அப்போது கிராணியார் சொன்ன யோசனை இது: புல்வெட்டுக்காரர்களில் ஆறு பேரை எடுப்பது. இரண்டு வாரம், வெட்டித் தள்ளப்போகும் கிழட்டு மரங்களில் பழகட்டும். பிறகு மூன்று மாதம் நல்ல மரத்தில் ஆளுக்கு அரை வெட்டு, முழு ஆள் வெட்டும் மரங்களில் பாதி. அந்தப் பால் மற்றவர்கள் பாலோடு சேர்ந்து ஸ்டோருக்குப் போகும், புல்வெட்டுச் சம்பளம் நிற்காது. கடைசியில் துரை மரம் மரமாகப் பார்த்துத் தேறியவர்களைப் பால்வெட்டுக்காரர்களாகச் செக்ரோல் என்ற ஆள்கணக்குப் பேரேட்டில் எழுதுவார். ஓரளவு வந்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம். தேறாதவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.

அதில் நான் சேர்த்தது ஒன்றுதான். "ஆளுக்கு ஒரு மரவரிசை, அவுங்க நெரைன்னு ஒண்ணு குடுங்க, கிராணியாரே. நேத்து யாரு வெட்டுன மரமோ இன்னிக்கு நான் வெட்டுறேன்னா எவனும் பயப்படமாட்டான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். நிமிர்த்த அவ்வளவு நெஞ்சு கிடையாது என்பது வேறு விஷயம்.

என் வேலை அவர்கள் பின்னால் நடப்பது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உளி அதைத் தொடாமல், ஆனால் அதற்கு ஒட்டிப் போகவேண்டும். மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். அந்தக் காயம் முண்டு முண்டாகத்தான் ஆறும். சில வருஷம் கழித்து வெட்டு அந்தப் பக்கம் திரும்பி வரும்போது உளி போகாது. காயம் கண்ட அன்றே சுண்ணாம்பால் பொட்டு வைத்து, வெட்டியவரை அழைத்து, விரலை அதன்மேல் வைத்துக் காட்டவேண்டும் என்பது கிராணியார் கட்டளை.

முதல் வாரம் வைத்தேன். பொட்டைக் கண்டதும் ஆறு முகமும் சுருங்கின. சிரிக்காத ஆட்களோடு ஒரு நாள் முழுக்க நடக்க எனக்கு வராது. இரண்டாம் வாரம் சுண்ணாம்பு டின்னை நாங்கள் குடியிருந்த லயத்திலேயே வைத்துவிட்டேன். வாய் இருக்கிறதே, அது போதாதா?

ஆறு பேரில் ஒருத்தி மேல்தான் எல்லோருக்கும் கண். அவள் புருஷனுக்குக் காலில் ஆறாத புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவன் பேரைச் செக்ரோலில் அடித்தாயிற்று. லயத்து அறை இவள் பேரில்தான் நின்றது. இவள் தேறினால் அறை உண்டு, இல்லாவிட்டால் புண்ணோடு அவனையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகவேண்டும். விடிவதற்கு முன்பே முதல் ஆளாக நிற்பாள். வேகமாக வெட்டுவாள், மரத்தில் கட்டிய மங்கு நிறையப் பால். கை மட்டும் கனம். புல் வெட்டிய கை.

"என்ன தங்கச்சி, மரத்துக்குக் காது குத்துறியா? தோடு வாங்கி வச்சிருக்கியா?"

"நீங்கதான்ணே தாய்மாமன். நீங்க வாங்கியாங்க."

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நான் அடுத்த மரத்துக்குப் போய்விடுவேன்.

காயங்களை என்ன செய்தேன்? மண்ணைக் குழைத்து அப்பினேன். பூச்சி ஏறாது, சீக்கிரம் ஆறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவற்றைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவள் பால் எடுக்கப் போனபின் பூசுவேன். மறுநாள் பார்த்தால் மரத்தண்டில் தெறித்த சேறு போலத்தான் இருக்கும். அவளுக்குத் தெரியாது. "எப்படிண்ணே வெட்டுறேன்?" என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பாள். "ராணி மாதிரி" என்பேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் துரை வந்தார். ஐந்து பேர் நிரைகளைப் பார்த்தார். நான்கு பேர் தேறினார்கள், ஒருவனுக்கு இன்னும் ஒரு மாதம். கடைசியாக அவள் நிரை. முதல் மரத்தில் நின்றார். பைக்குள்ளிருந்து சிறு கத்தியை எடுத்து மண்ணைச் சுரண்டினார். கீழே வெள்ளைக் கட்டை தெரிந்தது. அடுத்த மரம், அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் மண், மண்ணுக்கடியில் காயம்.

"இது யார் பூசினது?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், கோபத்தில் இன்னும் நன்றாக வரும்.

அவள் மரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க சொல்லவே இல்லியே?"

"சொன்னேனேம்மா. காது குத்துறேன்னு..."

"அது சிரிக்கத்தானேண்ணே சொன்னீங்க?"

வெறும் காயம் என்றால் இன்னும் ஒரு மாதம் கிடைத்திருக்கும், அது திட்டத்திலேயே இருந்தது. ஆனால் துரைக்கு அது காயமாகத் தெரியவில்லை, அவள் மறைத்ததாகத்தான் தெரிந்தது. "களவாணித்தனம். இந்த ஆள் வேண்டாம்" என்றார். 'நான் பூசினேன்', இரண்டே சொல் போதும். கடைப் பலகை முழுவதையும் வாசிக்கத் தெரிந்த வாய் இரண்டு சொல்லுக்குத் திறக்கவில்லை. கங்காணி வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றி ஒரு வேடிக்கையும் எழுத வரவில்லை.

மறுநாள் விடியற்காலை ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் படியேறினேன், சொல்லிவிடுவது என்றுதான்.

கிராணியார் தலை நிமிராமல், "என்ன கங்காணி, மொகம் செத்துக் கெடக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல கிராணியாரே. மரத்துக்கு மண்ணு பூசிப் பழகிட்டேன், மொகத்துக்கும் பூசிப் பாத்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அதையும் கேலியாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் முன்னாலிருந்த செக்ரோலில் அவள் பேரை அடித்த மை இன்னும் ஈரமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவளையும் புருஷனையும் ஏற்றிப்போக மாட்டு வண்டி வந்தது. சிம்பாங் பூலாய் வரை போய், அங்கே ஈயச் சுரங்கத்தில் மண் அலசும் வேலை கேட்கப் போகிறார்களாம். தகரப் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வண்டிக்குள் காலை நீட்டிக் கிடந்த அவள் புருஷன் என் கையைப் பிடித்தான். அவன் கை காய்ச்சலில் சூடாக இருந்தது.

"அண்ணே, நான் படுத்தே கெடந்தேன், ஒண்ணும் பாக்கல. நெசமாச் சொல்லுங்க. இவ களவாணித்தனம் பண்ணுனாளா?"

அவள் முதுகைக் காட்டி நின்றாள். வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். நான் வாயைத் திறந்து...

"கங்காணி! துரை வந்துட்டாருலா, புது ஆளுங்க நெரைல நிக்கிறாங்க, எங்க போய்த் தொலைஞ்சீரு?"

அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டேன். கிராணியார் கூப்பிடுகிறார். போகவேண்டும்.