கிலோவுக்கு நட்சத்திரம்

எங்கள் பெரியம்மாவைக் கல்யாண மண்டபக்காரர்கள் தெர்மாமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேராகக் கூப்பிடும் தைரியம் ஒருவருக்கும் கிடையாது. பதினொரு வருஷம் மண்டபத்தில் அண்டா கழுவினாள். கழுவினதை விட, மிஞ்சின சோற்றைக் கொட்டினதுதான் அதிகம். ஒருநாள் கொட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டாள், வேலை போயிற்று. பிறகு ஒரு பழைய வேனும் சூடு தாங்கும் நாலு பெட்டியும் வாங்கி, மிச்சச் சோற்றை முதியோர் இல்லத்துக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தாள்.

அவளுக்கு மூன்றே சட்டம். அன்றைக்கே சமைத்த சாப்பாடாக இருக்க வேண்டும். சூடு பார்க்கும் குச்சியைச் செருகினால் அறுபது டிகிரிக்குக் குறையக் கூடாது. பரிமாறும் மேசைக்குப் போய் வந்தது வேண்டவே வேண்டாம். தர்மம் செய்ய வந்த பெரிய மனுஷர்களுக்கு இது ரொம்ப அவமானமாக இருக்கும். எச்சில் கையை நீட்டிவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிற ஜாதி அது.

அன்றைக்குப் பெரிய மண்டபத்தில் மதியச் சாப்பாடு. இல்லத்து நாற்பத்திரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு நிச்சயம் என்று மேஸ்திரி சமையல்காரர் பன்னிரண்டு மணிக்கே போன் பண்ணியிருந்தார். பெரியம்மாவும் இல்லத்துக்குப் பேசி, "இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க, நான் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

மூன்றரை மணிக்கு நானும் அவளுமாகப் போய்ப் பார்த்தால் அடுப்படி நடுவில் ஒரு அண்டா, விளிம்பு வரை சோறு. பக்கத்தில் மண்டப மேனேஜர், மாப்பிள்ளையை விட அதிகமாக அலங்கரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் இளைஞன். மிச்ச உணவுக்கென்று அவனே ஒரு ஆப் செய்திருக்கிறானாம். எத்தனை கிலோ கொடுக்கிறார்களோ அத்தனை நட்சத்திரம். மண்டபம் ஐம்பது நட்சத்திரத்தைத் தாண்டினால் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

"வாங்கம்மா, அண்டாவுக்குப் பக்கத்துல நில்லுங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்றான் இளைஞன்.

பெரியம்மா சிரிக்கவில்லை. குச்சியைச் செருகினாள். நாற்பத்தொன்று.

"அண்ணே, பன்னெண்டு மணிக்கு நீங்க சொன்னது பாதி அண்டா. இப்ப எப்படி ரொம்பிச்சு?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அடுப்படியில சுடச்சுட இருந்தது பாதிதாம்மா. எடை கம்மியா இருக்குன்னு மேனேஜர் சார் மேசையில மிஞ்சினதையும் கொண்டாந்து இதுலயே கொட்டச் சொல்லிட்டாரு."

"எல்லாம் சோறுதானே? வயித்துல போய்க் கலக்கறது இங்கயே கலந்துட்டுது" என்றார் மேனேஜர். எத்தனை கூர்மையான மூளை. அதைக் கல்லாவில் பூட்டி வைத்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும்.

"மேசையில மூணு மணி நேரம் கிடந்தது. முந்நூறு பேர் கரண்டி போட்டாச்சு. நல்ல பாதியையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்க சார். உங்க அப்பாவுக்கு இதைப் போடுவீங்களா?"

"ஓசியில வாங்கறவங்களுக்கு இவ்ளோ வாயா?"

"ஓசியில வாங்கறவங்களுக்கும் வயித்துல ஓடறது ஒரே குடல்தான் சார். அதுவும் எழுபது வயசுக் குடல். இது உரக்குழிக்குப் போகட்டும்."

இளைஞன் திகைத்தான். "அம்மா, தொண்ணூறு கிலோ."

"குழிக்குத் தொண்ணூறு நட்சத்திரம் குடுத்துடு தம்பி."

சொல்லிவிட்டாளே தவிர, பெரியம்மாவின் கை வேன் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தது. அங்கே அடுப்பு அணைந்து கிடக்கிறது. இருட்டுவதற்குள் மாத்திரை போட வேண்டியவர்கள் பதினைந்து பேர், வெறும் வயிற்றில் போடக் கூடாது. நேரமோ நாலாகப் போகிறது.

மேஸ்திரிதான் மெல்ல வாயைத் திறந்தார். "ஏம்மா, கூட்டம் அதிகமானா வேணும்னு கடைசி உலைக்கு அரிசியும் நறுக்கின காயும் எடுத்து வச்சிருக்கேன். காய் ஐஸ் பெட்டியில இருக்கு. இன்னும் அடுப்புல ஏத்தல."

"அதை நாளைக்கு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"நறுக்கின காய் நாளைக்கு என்னவாகும்னு உங்களுக்குத் தெரியாது சார், நீங்க ஆபீஸ்ல இருக்கறவர்" என்று மேஸ்திரி அடுப்பைப் பற்ற வைத்தார். அவர் மேனேஜரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியம்மா அரிசியைக் களைந்தாள். ஐம்பது நிமிஷத்தில் நாலு பெட்டியும் நிரம்பின. குச்சி எண்பத்தாறு காட்டியது.

மூடி போடும்போது பெரியம்மா இளைஞனைக் கூப்பிட்டாள். "தம்பி, எத்தனை கிலோ மிஞ்சுதுன்னு நட்சத்திரம் குடுத்தா, மிஞ்ச வைக்கத்தான் பார்ப்பாங்க. எல்லா விசேஷத்துலயும் எத்தனை பேர் வந்தாங்க, எவ்ளோ மிஞ்சிச்சுன்னு எழுது. கடைசி உலையைத் தலை எண்ணினப்புறம் ஏத்தச் சொல்லு. அரிசி மிச்சமாகும் இல்ல? அந்தக் கணக்கைச் சொல்லித் தர மண்டபக்காரன் உனக்குச் சம்பளமே குடுப்பான்."

"அப்ப உங்களுக்குச் சாப்பாடு கிடைக்காதேம்மா?"

"கிடைக்காட்டி வேனை வித்துட்டுப் படுத்துத் தூங்குவேன். நல்ல விஷயம்தானே?"

இல்லத்துக்கு ஆறு மணிக்கு, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஒரு தாத்தா முதல் வாயிலேயே உப்பு கம்மி என்று முறைத்தார். பெரியம்மா உப்பு டப்பாவைத் தேடி எடுத்துவந்து அவர் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அவர் இரண்டாம் தடவை சோறு கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.