ஆய்வேட்டில் என் பெயர்

இன்று பாடாங் செராயிலிருந்து சுங்கை பட்டாணி போகும் பேருந்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் கவிதா தன் ஆய்வு முன்மொழிவைத் திருத்தித் தரச் சொன்னாள். மலேசியாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழரின் அடையாளமும் கோயில் வாழ்வும் என்பது தலைப்பு. நேர்காணல் தரப்போகிறவர்களில் நானும் ஒருத்தி.

ஆறு பிழைகளைத் திருத்தினேன். அடுத்த வரியில் பேனா நின்றது. ‘பங்கேற்பாளர்களின் பெயர்களும் கோயிலின் பெயரும் மாற்றப்படும்.’

“என் பேர்ல என்னம்மா குறை?”

“குறை இல்ல ஆன்ட்டி. பேர மறைக்கலன்னா யுனிவர்சிட்டி எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவ் பண்ணாது லா. அப்புறம் ஒருத்தரையும் பேட்டி எடுக்க முடியாது.”

“அடையாளத்தப் பத்தி ஆராய்ச்சி. அதுல என் அடையாளத்தயே மறைப்பியா?”

சிரித்துவிட்டாள். “கோயில் கமிட்டியப் பத்தி மனசுல உள்ளத சொல்வீங்க. நாளைக்குத் தலைவர் உங்ககிட்ட சண்டைக்கு வரக்கூடாதுல்ல? வேற பேரு நீங்களே செலக்ட் பண்ணுங்க.”

எனக்கு வருத்தம்தான். திருவிழா நோட்டீஸில் எப்போதும் ‘திருமதி’ போட்டு என் கணவர் பெயரைத்தான் அச்சடிப்பார்கள். ஆய்வேட்டிலாவது என் பெயர் வரும் என்று நினைத்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் மழையில் மிதந்து போயின. ஒவ்வொரு பெயராக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் என்னோடு வந்து, இறங்கிப் போனது.

பிறந்தபோது அப்பா ஒரு பெயர் வைத்தார். கான்வென்ட்டில் சிஸ்டர் வாய்க்கு வசதியாக ரோஸ் என்றார். நானே வைத்துக்கொள்ளப்போவது இதுதான் முதல் பெயர். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டேன்.

பெயர்தான் இன்னும் அமையவில்லை. யோசனை சொல்லுங்கள். ‘திருமதி’ என்று தொடங்குபவை பரிசீலிக்கப்படமாட்டா.