சந்தனம் பூசிய குழாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். சாமி கும்பிடுகிறவர்களைப் பற்றிக் குறை எழுதினால் அது சாமியையே குறை சொன்னது மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி ஏறாது. திருநீறு இல்லாமல் நான் எம்ஆர்டி ரயில் ஏறியது கிடையாது. அந்த முருகனிடமே கேட்டுப் பார்த்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பஜனை நடக்கும். ஜூரோங்கிலிருந்து கப்பல் பட்டறைப் பிள்ளைகள் வேலை முடிந்த கையோடு வந்துவிடுவார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து ஆபீஸ் உடுப்போடு சிலர் வருவார்கள். ஏறி வருகிற படி செங்குத்து. மேலே வந்ததும் எல்லோருக்கும் முதலில் வேண்டியது தண்ணீர். அதற்காகப் படியேறும் இடத்தில் ஒரு ஸ்டூலின் மேல், குளிர் போகாமல் வைத்திருக்கிற பெரிய பிளாஸ்டிக் ஜக் இருக்கும். முன்பக்கம் அழுத்துகிற குழாய். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும்.

அந்த ஜக்கைப் பார்த்துக்கொண்டது என் அண்ணி. அண்ணன் இருந்தவரைக்கும் பஜனையில் விளக்கேற்றியது அண்ணிதான், பூக் கட்டியது அண்ணிதான். அண்ணன் தவறிப்போன பிறகு அண்ணியை யாரும் வராதே என்று சொல்லவில்லை. அவ்வளவு நேர்மை அந்தக் கூட்டத்துக்குக் கிடையாது. "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம், குடுங்க" என்று பூக்கூடையைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் விளக்குத் திரி. அதற்கடுத்து குங்குமத் தட்டு. கடைசியில் மிச்சம் இருந்தது தண்ணீர் ஜக். அதைத் தூக்க முடியாது, அது கனம். அதனால் அதை மட்டும் யாரும் அன்போடு வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணி அந்த ஸ்டூல் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளர் நீட்டுவார். வாரம் முழுக்க அவர் வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அந்தக் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் எப்போதாவது ஒரு சொட்டு. பிறகு நிற்காத சொட்டு. கீழே ஒரு வாளி வைத்தோம். பாட்டு நடக்கும்போது தாளத்துக்குச் சேராமல் டொக் டொக் என்று அது ஒரு பக்கம். தரை ஈரமாகி, படி வாசலில் ஒரு பிள்ளை வழுக்கி உட்கார்ந்தான்.

எங்கள் தலைவர் இருக்கிறாரே, அவர் பக்தியை நான் என்ன சொல்ல. எதைப் பார்த்தாலும் சந்தனம் பூசி குங்குமம் வைக்காமல் விடமாட்டார். மைக், ஃபேன் சுவிட்ச், சோறு ஆக்குகிற குக்கர், எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு உண்டு. ஃபேன் சுவிட்சைப் போட்டால் விரல் மஞ்சளாகும். அப்படிப்பட்டவர் குழாயைப் பரிசோதித்த விதம் இது: ஜக் முன்னால் நின்றார், கண்ணை மூடினார், திறந்தார்.

"தண்ணி ஒழுகுற இடத்துல லட்சுமி தங்க மாட்டா."

"வாஷர் போயிருக்கும்ண்ணே" என்றேன்.

"வாஷர் நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? யாரு கை பட்டுப் போச்சுன்னு பாக்கணும்ல?"

அண்ணியின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் வைத்தியம் நடந்தது. ஒருத்தர் பிளயரைப் போட்டு ஜக்கின் உள்ளே இருந்த நட்டை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினார். குழாய்க்கும் ஜக்குக்கும் நடுவில் இருந்த ரப்பர் வளையம் நாக்கைத் துருத்துகிற மாதிரி வெளியே பிதுங்கியது. இன்னொருத்தர் வெள்ளை டேப்பைக் குழாய் மூக்கு முழுக்கச் சுற்றினார், ஏதோ விரலில் அடிபட்ட பிள்ளைக்குக் கட்டுப்போடுவது போல. மூன்றாவது ஆள், அவர் பேங்கில் பெரிய வேலை, ஒரு மஞ்சள் கயிறு கட்டினார். தண்ணீர் கயிற்றை நனைத்துக்கொண்டு ஒழுகியது. அந்த மூக்கைத் துடைத்து, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் வேட்டி கசங்கும் போல.

கடைசியில் தலைவர் தீர்ப்பு சொன்னார். "அடுத்த வாரத்தோட ஜக்கை எடுத்துருவோம். பாட்டில் தண்ணி வாங்கி அடுக்கி வச்சா அவங்கவங்க எடுத்துக்குவாங்க. ஈசி லா. தங்கச்சிக்கும் இனிமே நிக்கிற வேலை மிச்சம்."

அண்ணி டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். கீழே இறங்கும்போது என்னிடம், "இனிமே வெள்ளிக்கிழமை நீங்க மட்டும் போய்ட்டு வாங்க தம்பி. எனக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

நான் திரும்ப மேலே ஏறி, ஜக்கை வெறுமையாக்கி, தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நானும் அண்ணியும் அடுக்களை மேசையில் அதை வைத்தோம். கயிறு, டேப் எல்லாவற்றையும் பிய்த்தேன். உள்ளே கைவிட்டு நட்டைக் கழற்றினேன். குழாய் முன்பக்கமாக வந்துவிட்டது. அதன் வேலை எளிதுதான். பொத்தானிலிருந்து ஒரு தண்டு உள்ளே போகிறது. தண்டின் மறுமுனையில் ஒரு ரப்பர் வாஷர். பொத்தானை அழுத்தினால் தண்டு உள்ளே போய், வாஷர் குழாயின் உள்வாயை விட்டு விலகும்; தண்ணீர் வரும். கையை எடுத்தால் பொத்தானுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளும். வாஷர் திரும்ப வாயில் வந்து உட்காரும். அந்த வாஷர் தடித்து, ஓரத்தில் கீறி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகிப்போயிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனர் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் பழைய வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணி குடிக்கிற ஜக்கா? அப்ப கறுப்பு ரப்பர் வேணாம், நாறும்" என்று வெள்ளை சிலிக்கான் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிதுங்கிப்போன பெரிய வளையத்துக்கும் ஒரு ஜோடி கிடைத்தது.

வந்து மாட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். டொக்.

நான் குழாயைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார்.

"தம்பி, தலைவருக்கு போன் போடவா? கயிறு மிச்சம் இருக்காம்."

எனக்கு வந்த கோபத்தில் பொத்தானை ஒரு அழுத்து அழுத்திவிட்டேன். அண்ணி சிரிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தார். "இன்னொரு தடவ அழுத்துங்க. விடுங்க. பாருங்க, முழுசா வெளிய வரல. ஒரு நூல் உள்ளயே நிக்குது."

உண்மைதான். பொத்தான் திரும்புகிறது, ஆனால் கடைசித் துளி தூரம் திரும்பாமல் சோம்பி நிற்கிறது. பொத்தான் முழுசாகத் திரும்பாவிட்டால் வாஷர் எப்படி உட்காரும்? புதிது போட்டாலும் பழசு போட்டாலும் ஒன்றுதான்.

ஊற்றின தண்ணீரைக் கொட்டி, மறுபடி கழற்றி, இந்தத் தடவை பொத்தானையும் ஸ்பிரிங்கையும் தனியே உருவினேன். ஸ்பிரிங் இருந்த குழிக்குள் மஞ்சளாக ஏதோ சிமெண்டு பூசினது போல ஒட்டியிருந்தது. அண்ணி ஊக்கால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

சந்தனம்.

வெள்ளிக்கிழமைதோறும் பொத்தானில் அப்பிய சந்தனம். டம்ளர் பிடிக்கிறவன் கை ஈரத்தில் கரைந்து, அழுத்த அழுத்த உள்ளே போய், ஸ்பிரிங் வளையத்துக்கு வளையம், தண்டு போகிற துவாரம் வரைக்கும் காய்ந்து இறுகியிருந்தது. அடியில் குங்குமச் சிவப்பும் ஒரு கோடு.

அண்ணி அந்தப் பொடியை ஒரு துண்டுக் காகிதத்தில் சேர்த்து வைத்தார். சாமிக்கு வைத்ததாயிற்றே, குப்பையில் போட மனசு வரவில்லை. துளசிச் செடி மண்ணில் போட்டார். அப்படிப்பட்டவர் கையைத்தான் அவர்கள் ராசியில்லாத கை என்றார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் எல்லாவற்றையும் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். குழாயின் உள்வாய் விளிம்பை மெல்லிய துணியால் சுற்றித் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். இல்லை. வாஷரின் தட்டையான முகம் விளிம்பைப் பார்க்கும்படி, கோணாமல், தண்டின் பள்ளத்தில் முழுசாக இறங்கும்வரை அண்ணி அழுத்தி வைத்தார். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், பிறகு நட்டு. பிளயர் வேண்டாம், கையால் முறுக்கி நின்ற இடத்தோடு சரி. தண்ணீர் ஊற்றினோம். மூக்கைத் துடைத்து, அதன் கீழே டிஷ்யூ ஒன்றை விரித்தோம். சமையல் முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வந்து பார்த்தபோதும் அது காய்ந்தே கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜக் அதன் ஸ்டூலில் இருந்தது. தலைவர் வந்தார். தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"முருகா! போன வாரம் விசேஷமா வேண்டிக்கிட்டேன். நின்னுருச்சு பாத்தீங்களா!"

"வாஷர் மாத்தினோம்ண்ணே. உள்ள சந்தனம்…"

"எல்லாம் அவன் செயல் லா" என்று என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு விரல் சந்தனம் எடுத்துக்கொண்டு பொத்தானை நோக்கிப் போனார்.

அண்ணி குறுக்கே டம்ளரை நீட்டினார்.

"அதுல வேணாம்ண்ணே. அதுதான் அதுக்கு நோவு. குழாய்க்குள்ள போயி அடச்சிக்குது. உங்களுக்குப் பூசணும்னா ஜக்கு மூடியில பூசுங்க, இல்லாட்டி உங்க நெத்தியில பூசிக்குங்க. தண்ணி குடிங்க."

ஜூரோங் பிள்ளை ஒருத்தன் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். தலைவர் விரலில் சந்தனத்தோடு நின்றார். வேறு வழியில்லாமல் மூடியில் வைத்தார். தண்ணீரையும் வாங்கிக் குடித்தார். ஒழுகாத ஜக்கை எடுத்துவிட அவரிடம் காரணம் இல்லை. பாட்டில் தண்ணீர் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கே இரண்டு பெண்கள் அண்ணியிடம் வந்து, "அக்கா, கை ராசிதான் உங்களுக்கு, பூக் கட்ட வாங்களேன்" என்றார்கள். போன வாரம் ராசியில்லாத அதே கை. அண்ணி, "இங்க ஆளு வந்துக்கிட்டே இருக்காங்கம்மா, நான் நகர முடியாது" என்று அடுத்தவனுக்கு டம்ளர் நிரப்பினார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார்.

இப்போது அந்தக் கதை ஊரெல்லாம் வேறு மாதிரி சுற்றுகிறது. தலைவர் வேண்டினாராம், பார்த்த மாத்திரத்தில் சொட்டு நின்றதாம். கைப்பேசியில் எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். முருகனுக்கு எத்தனையோ வேலை இருக்கிறது. நம்முடைய அழுக்கைச் சுரண்டுகிற வேலையையும் அவன் தலையில் கட்டாதீர்கள். இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதென்றால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அற்புதம் சேர்க்க வேண்டாம், சந்தனத்தை விட்டுவிடவும் வேண்டாம். முக்கியமாக, வாஷரைச் சரியாக உட்காரவைத்தது என் அண்ணியின் கை என்பதை மாற்றிவிடாதீர்கள்.