இடது பக்கத்துச் செம்பு

விளம்பரத் தொழிலில் இடது பக்கத்தில் பிறப்பது ஒரு சாபம். திரையை இரண்டாகப் பிளந்தால் இடது பக்கத்துப் பெண்ணுக்கு எப்போதும் தலைவலி. வலது பக்கத்துக்காரிக்கு மல்லிகைப்பூ, சிரிப்பு, சன்னல் வழியாக வெயில். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் குடியிருப்பார்கள், ஆனால் இடது பக்கத்துக்கு மட்டும் கரண்ட் போயிருக்கும். கோச்சடையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, இருபது விநாடி விளம்பரங்களில் இந்த அநியாயத்தைச் செய்துதான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். அதற்காக வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை.

கார்த்திகைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு அண்ணன் வந்தார். சோழவந்தான் பக்கம் ஒரு ஷெட்டில் பித்தளை விளக்குகிற பொடி தயாரிப்பவர். நல்ல பொடி. அதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து யாரும் பொடியைத் திட்ட வேண்டாம்.

அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு கிடைத்திருந்தது. பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய பலசரக்குக் கடையில், பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்து அலமாரி. கார்த்திகைக்கு ஊரே விளக்குத் துலக்கும் நேரத்தில் அந்த அலமாரி கிடைத்தால் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் பிழைப்பு முடிந்தது. கடை முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். விளம்பரம் கடை டிவியில் ஓடும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிவிக்குக் கீழே மேசை போட்டு, அதில் காட்டுவதை அப்படியே செய்து காட்ட வேண்டும். இதற்கு முன்னால் ஏதோ ஒரு தரை துடைக்கும் மாப்பு விளம்பரத்தை நம்பி வாங்கிய சனமெல்லாம் திரும்ப வந்து சண்டை போட்டதில் அந்த மனிதர் நொந்து போயிருந்தார்.

"யாரோட ஒப்பிடுறோம்ணே?" என்றேன்.

"புளியோட. புளி கேஸ் போடாது மாப்ள."

இந்தத் தொலைநோக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நிபந்தனையை இருவரும் அன்றைக்கே மறந்துவிட்டோம். முதலாளிமார் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது எங்கள் கணக்கு.

நடிக்க ஆள் வேண்டாம், கை மட்டும் போதும் என்றேன். அவர் சம்சாரம், எனக்கு மதினி, அவர் கையையே படம் எடுத்தோம். ஒரே கை, ஒரே மாதிரி இரண்டு பித்தளைச் செம்பு. இடது பக்கம் புளி, வலது பக்கம் பொடி. புளியை ஊறவைக்கவே இல்லை, காய்ந்த உருண்டையை அப்படியே கொடுத்து, பட்டும் படாமலும் தேய்க்கச் சொன்னேன். பொடிப் பக்கத்துக்கு நாலு நிமிடம் அழுத்தித் தேய்க்கச் சொல்லி, நடுவில் வெட்டி ஒட்டிப் பத்து விநாடியாக்கினேன். பிறகு கம்ப்யூட்டரில் இடது பாதியின் வெளிச்சத்தைக் குறைத்து லேசாக நீலம் பூசினேன். வலது பாதிக்கு மஞ்சள் வெயில். கடைசியில் செம்பின் விளிம்பில் ஒரு மினுக்கு, அதற்கு ஒரு 'டிங்'. அண்ணன் பார்த்துவிட்டு, "புளியைக் குழி தோண்டிப் பொதச்சுட்ட மாப்ள" என்று என் தோளைத் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் மதினி மாடி ஏறி வந்தார். அண்ணன் பின்னாலேயே, கொஞ்சம் தள்ளி.

"தம்பி, அந்தப் படத்தைப் போடுங்க."

போட்டேன்.

"நிறுத்துங்க. இது யாரு கை?"

"ஒங்க கைதான் மதினி."

"அந்தப் பக்கம் இருக்கிறது?"

"அதுவும் ஒங்க கைதான்."

"அப்ப ஏன் ஒண்ணு செத்த பொணம் கை மாதிரி இருக்கு? இந்த வளையல் ரெண்டும் எங்க அப்பா போட்டது. இந்தப் பக்கம் தங்கமாத் தெரியுது, அந்தப் பக்கம் கவரிங் மாதிரி இருக்கு. எங்க சொந்தக்காரக பாத்தா என்ன பேசுவாக? வளையலை வித்துப் பொடி ஆலை வச்சுட்டான்னு பேச மாட்டாகளா?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். நானும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

இந்தத் தொழிலில் நான் செய்த தில்லுமுல்லு ஒவ்வொன்றும் அந்த வளையலில் எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு பாதியிலும் ஒரே கை, ஒரே வளையல். ஒரு பக்கம் நிறம் மாறினால் மாற்றியவன் மாட்டினான். ஒப்பிட்டுக் காட்டுகிற படத்தில் இரண்டு பக்கமும் மாறாத பொருள் ஒன்று இருந்தால், பார்க்கிறவருக்கு அதுவே தராசு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நியாய உணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் பயம்.

"வளையல் ரெண்டு பக்கமும் தங்கமாத் தெரியணும். அம்புட்டுத்தான்" என்றார் மதினி.

அம்புட்டுத்தான். நீலத்தை எடுத்தேன், வளையல் தங்கமானது. கூடவே புளிச் செம்பும் பளிச்சென்றானது. தேய்ப்பது பட்டும் படாமலும் இருப்பது இப்போது தெரிந்தது. மதினி விடவில்லை. "புளியை ஊறவைக்காம எந்த வீட்ல தேக்கிறாக? எடுக்கிறதா இருந்தா ஒழுங்கா எடுங்க. கடையில வந்து நிக்கப்போறது நான்."

முதல் தடவையாக ஒழுங்காக எடுத்தோம்.

சன்னல் வெயில் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் திரையை இழுத்துவிட்டு இரண்டு விளக்கு வைத்தேன். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, வெளிச்சம், நிறம் இரண்டையும் தானாக மாறாதபடி நிறுத்தினேன். ஒரே நாள் வாங்கி, ஒரே பரணில் ஒன்றாகக் கிடந்து கறுத்த செம்புகள். புளி, கல் உப்போடு முறையாக ஊறியது. பொடிக்கு எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு. பின்னால் சுவர்க்கடிகாரம், முள் தெரிகிற மாதிரி. கடிகாரத்தின் ஒரு டிக்குக்கு ஒரு தேய்ப்பு என்று மதினி எண்ணிக்கொண்டே தேய்த்தார். வீட்டுப் பொடி என்று கை அழுத்திவிடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஒரு செம்பு மட்டும் சுலபமாக வெளுக்கிற ஜாதியாக இருந்தால் என்ன செய்வது என்று, இன்னொரு ஜோடிச் செம்பை எடுத்துப் பக்கம் மாற்றியும் செய்து பார்த்தோம்.

ஒரு நிமிடத்தில் பொடிச் செம்பு கண்ணாடி. புளிச் செம்பு பாதி மினுக்கு, பாதி மங்கல். பக்கம் மாற்றினாலும் அதேதான். நான் அசந்துபோய்விட்டேன். இவ்வளவு நல்ல பொடிக்கா நான் நீலம் பூசினேன் என்று இருந்தது.

மதினி நிறுத்தாமல் புளியையே தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிட முடிவில் அதுவும் கண்ணாடி.

"ஒரு நிமிசத்துக்கு மேல இருக்கிறதைத் தூக்கிரு" என்றார் அண்ணன்.

"தூக்கலாம்ணே. ஆனா 'ஒரு நிமிடத் தேய்ப்பில்'னு பெருசா எழுதணும். புளி வெளுக்கவே வெளுக்காதுன்னு தோணிரக் கூடாது."

"புளிக்கும் சேத்து வெளம்பரம் பண்றியே மாப்ள."

அறுபது விநாடியைப் பத்து விநாடியாக ஓட்டினேன், இரண்டு பாதியும் ஒரே வேகம். 'இரு பக்கமும் ஆறு மடங்கு வேகம், ஊறவைத்த புளி, பக்கத்துக்கு ஒரு நிமிடத் தேய்ப்பு' என்று படிக்கிற அளவில் எழுதி, படித்து முடிக்கிற வரைக்கும் நிறுத்தினேன். 'டிங்' கிடையாது. மதினி இரண்டு வளையலையும் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அண்ணன் மட்டும் சுரத்தில்லாமல் இருந்தார். "வித்தியாசம் பத்தலையே" என்று முனகிக்கொண்டே பென்டிரைவை நீட்டினார். அதில் புதுப் படத்தைப் போட்டேன். "பழசும் இருக்கட்டும், வீட்ல பாக்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். வீட்டில் யார் பார்ப்பதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை என்பது இன்னும் சரி.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். நான் கேமராவோடு கொஞ்சம் தாமதமாகப் போனேன். மேசைமேல் இரண்டு செம்பு, ஊறவைத்த புளி, பொடி, ஒரு கடிகாரம். மதினி புதுச்சேலையில் எண்ணிக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். முதலாளி கை கட்டி நின்றார்.

தலைக்கு மேலே 'டிங்' என்று கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். டிவியில் நீலம் பூசிய இடது பாதி. அண்ணன் கடைப் பையனிடம் பழைய படத்தைப் போடச் சொல்லியிருக்கிறார். அதில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதாம்.

கீழே ஒரு நிமிடம் முடிந்தது. பொடிச் செம்பு தகதகவென்று இருந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் "நல்லாருக்கே" என்றார்கள். நியாயமாக அந்த இடத்தில் எங்கள் அண்ணன் ஜெயித்துவிட்டார். கையில் ஒரு கொத்து மல்லித்தழையோடு நின்ற ஒரு அம்மா புளிச் செம்பைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். மறுபடி செம்பைப் பார்த்தார்.

"அதுல கரி மாதிரி இருக்கு, இங்க பாதி வெளுத்திருக்கே. அதுல இருக்கிற கையும் கறுப்பு. கைக்கு என்னத்தப் போட்டுத் தேச்சீக?"

சிரிப்பு கிளம்பியது. மதினி அப்போதுதான் டிவியைப் பார்த்தார். வளையல் போட்ட கையைத் தானாகவே சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

முதலாளி டிவியை நிறுத்தச் சொன்னார். நான் முந்திக்கொண்டு, "சார், இது பழசு. சரியா எடுத்தது இன்னொண்ணு அதே பென்டிரைவுல இருக்கு" என்றேன்.

"சரியானது கையில இருந்துமா இதைப் போட்டீங்க?"

முதலாளி பொடிச் செம்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பொடி நல்ல பொடிதான், கண்ணால பாத்துட்டேன். ஆனா நாளைக்கு இவங்க ஒவ்வொருத்தரும் என்கிட்ட வந்து, வேற எதெதுல ஏமாத்துறீகன்னு கேப்பாங்க. கார்த்திகைக்கு வேற பொடி வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அலமாரி அதோடு போயிற்று.

செம்புகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். அண்ணன் வண்டியருகே நின்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, ஜெயிக்கிற படம் கையில இருந்துச்சுல்ல? எதுக்கு இந்தக் கிறுக்கு வேலை?"

மதினிதான் திரும்பினார்.

"அவரை ஏன் தம்பி வையுறீக? அவருக்கு வெட்டவும் தெரியாது, ஒட்டவும் தெரியாது. இந்தக் கையைக் கறுப்பாக்குனது நீங்க. அதுக்கப்புறம் அந்தப் படத்தைத் தூக்கி அவர் கையில குடுத்ததும் நீங்கதான்."

வண்டி கிளம்பிப் போனது. நான் கேமராப் பையைத் தோளில் மாட்டியபடி அங்கேயே நின்றேன்.