முன்வரிசைக்கு வந்த ஐஸ் பெட்டி

வேலை செய்யும் மருந்துக் கிடங்கில் அவருக்குச் ‘சர்டிபிகேட்’ என்றே பெயர். எங்கே சான்றிதழ் கொடுத்தாலும் போய் வாங்கிவிடுவார். கேக் அலங்காரம், கையெழுத்துச் சீர்திருத்தம், மேடைப்பேச்சு, புல்லாங்குழல் அறிமுகம். கிடங்கில் மட்டும் பதவி உயரவில்லை. வெளியே ஒரு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் பதிலே இல்லை. மறுபடியும் ஆள் கேட்டபோது, ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த மனைவியின் தங்கையிடம் தன் நாலு பக்க விண்ணப்பத்தை நீட்டினார்.

அவள் பேனாவைத் திறந்தாள். “மாமா, மருந்து அடுக்கற வேலைக்குப் புல்லாங்குழல் எதுக்கு?”

“பொறுமை இருக்குன்னு தெரியும்ல?”

“படிக்கிறவங்களுக்கு இருக்கணுமே.”

“வீட்டுலயும் யாருக்கும் இல்ல,” என்று அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்.

புல்லாங்குழல் போயிற்று, கேக் போயிற்று. குளிரில் வைக்கும் மருந்துகளைப் பராமரிக்கும் பயிற்சி மூன்றாம் பக்கத்தில், கையெழுத்துச் சீர்திருத்தத்துக்குக் கீழே கிடந்தது. “இதுக்குத்தான் கூப்பிடுவாங்க. கொடுத்த நிறுவனம், வருஷம் போட்டு மேல வைங்க.” முதலுதவியில் பேனா நின்றது. “இது போன வருஷமே காலாவதி.”

“கத்துக்கிட்டது மறந்துடுமா என்ன?”

“உங்க அலமாரியில காலாவதியான மாத்திரையை முன்னாடி வைப்பீங்களா?”

நாள் முழுக்க அவர் செய்வதே அந்த வேலைதான்: காலம் போனதை எடுத்துவிட்டு, கேட்கப்போவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. பேனாவை வாங்கி முதலுதவியைத் தானே அடித்தார். “புதுப்பிச்சப்புறம் சேர்த்துக்கறேன்.” மேடைப்பேச்சும் கையெழுத்துச் சீர்திருத்தமும் அவர் கையாலேயே போயின.

பார்க்க மிச்சம் ஒரே வரி: ‘சமூக சேவையில் ஆர்வம் உண்டு.’

“என்ன சேவை?”

“ரத்ததான முகாம். வருஷா வருஷம் ஐஸ் பெட்டி என் பொறுப்பு. சூடு ஏறாமப் பார்த்து, எழுதி வெச்சு, ரத்த வங்கிக்கு அனுப்பணும். கூட ஆறு பேர் இருப்பாங்க. இதுவரை ஒரு பை வீணாப் போனதில்ல.”

“இதை ஏன் மாமா ஒளிச்சு வெச்சீங்க?”

“சேவையைப் போய்த் தம்பட்டம் அடிக்கறதா?”

கேக்குக்குத் தம்பட்டம் அடித்தவரின் அடக்கம் இது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகாமின் பெயர், எந்த ஆண்டு முதல், அவர் பொறுப்பு, ஆறு பேர், வீணாகாத பைகள் என்று அவர் சொன்னதையே எழுதினாள். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது.

இம்முறை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவமனை மருந்தாளர் நேராக ஐஸ் பெட்டிக்குத்தான் வந்தார். “நடுவுல ஐஸ் கரைஞ்சா?” என்ன செய்வதென்று இவர் விளக்கினார்; மருந்தாளர் குறித்துக்கொண்டார். பேச்சு அங்கேயே சுற்றியது. கிளம்பும்போது, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார் மருந்தாளர். புல்லாங்குழல் நாக்கு நுனி வரை வந்தது. “இல்ல சார்,” என்றார்.

வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் குறிப்பிட்ட சான்றிதழின் அசலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒற்றைத் தாளோடு வாசல் தாண்டியவரை மனைவி நிறுத்தினாள். “சர்டிபிகேட் எல்லாம் வெச்ச பெரிய பையை மறந்துட்டீங்களே?”

“அதெல்லாம் பின்வரிசைச் சரக்கு,” என்று செருப்பை மாட்டினார்.