பொங்கல் பிரச்சாரத்தின் மொத்தம்

2011 கடைசியில் கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். கடையின் பேஸ்புக் பக்கம் என் பொறுப்பு. ஆட்களோடு பேசக் கூச்சப்படும் எனக்கு அது தோதாக இருந்தது.

பதிவுகளை முன்கூட்டியே எழுதி, எந்த நாள், எந்த நேரம் என்று மென்பொருளில் குறித்துவிடுவேன். நேரம் வந்தால் தானாக வெளியாகும். ஒரு விற்பனைக்கான பதிவுகளெல்லாம் ஒரே பிரச்சாரம். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் பொது. அந்த நாட்களுக்கு வெளியே உள்ள பதிவு போகாது. மாதக் கடைசியில் பதிவுகளுக்கு விழுந்த லைக், கருத்து எல்லாம் பிரச்சாரவாரியாகக் கூட்டி அறிக்கை வரும்.

சிதம்பரம் கிளையில் இருந்த முதலாளி புதன்கிழமை போன் செய்தார். "புத்தாண்டுக்குத்தான் லைக்கு ஜாஸ்தி வந்துடுச்சே. பொங்கலுக்கு அறிக்கையில என்னா காட்டப்போற? முட்டையா?"

பொங்கல் கணக்கிலும் ஏதாவது சேரட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போகவேண்டிய பதிவைப் புத்தாண்டுப் பிரச்சாரத்திலிருந்து எடுத்துப் பொங்கல் பிரச்சாரத்தில் போட்டேன். 'காலை எட்டு மணிக்குக் கடைக்கு வரும் முதல் ஐம்பது பேருக்குச் சேலை இலவசம்' என்ற பதிவு அது. அதற்கு இடம் கொடுக்கப் பொங்கலின் தொடக்க நாளையும் முன்னுக்கு இழுத்தேன்.

வியாழன் மதியம் வானம் கறுத்துவிட்டது. முதலாளி மறுபடி கூப்பிட்டார்.

"புயல் நம்ம பக்கந்தான் வருதாம். நாளைக்குக் கடை கெடையாது. எல்லாத்தையும் நிறுத்திடு. எவனாவது இலவசம்னு கெளம்பி வந்துடப்போறான்."

புத்தாண்டுப் பிரச்சாரத்தின் முடிவு நாளை அந்த வியாழக்கிழமைக்கே மாற்றினேன். அந்தப் பிரச்சாரத்தில் காத்திருக்கும் பதிவுகள் பூஜ்யம் என்று திரை காட்டியது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் ஜன்னலைக் கயிற்றால் கட்டும்போதுதான் பொங்கலில் போட்ட பதிவு நினைவுக்கு வந்தது. தெருவில் கரண்ட் இல்லை. முதலாளிக்கு அடித்துப் பார்த்தேன், செல்லில் சிக்னல் இல்லை.

"என்னாங்க, மூஞ்சி ஒருமாரி இருக்கு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

நம் ஊர் இருண்டு கிடந்தாலும் பதிவு போகும். அனுப்பும் இயந்திரம் எங்கோ வெளியூரில் இருந்தது.

காலை ஆறு மணிக்குக் காற்று கூரைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல நாள் கழித்துக் கடையில் ஜெனரேட்டர் போட்டார்கள். முதல் வேலையாக அந்தப் பதிவைத் திறந்தேன். அடியில் இரண்டு கருத்துகள். "இந்தக் காத்துல கடை உண்டா?" என்று ஒருவர். அடுத்தது ஒரு பெண், ஆறரை மணிக்கு: "குறிஞ்சிப்பாடியிலேருந்து வண்டியில கெளம்பிட்டோம். ரெண்டு சேலை எடுத்து வைங்க."

அதற்குப்பின் அவர் பக்கத்தில் எதுவும் இல்லை.

"அம்மா, வீடு போய்ச் சேர்ந்தீங்களா?" என்று அடியில் எழுதினேன். தினமும் காலையில் திறந்து பார்த்தேன்.

புயலால் தள்ளிப்போன மாத அறிக்கை பொங்கலுக்கு முன்பாக வந்ததும் முதலாளி அதை விரலால் தட்டினார். "பொங்கல்ல மூணு கருத்துன்னு போட்டிருக்கு. பரவால்ல, ஆரம்பிச்சிருக்கு."

மூன்றாவது என்னுடையது. அதற்குப் பதில் வரவில்லை.