சிவகரன் வைத்த மரத்தின் சாறு

விமலேஸ்வரி அம்மாவுக்குத் தலை சுற்றியதற்குக் காரணம் நான் சொன்ன புத்திமதிதான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்து என்ன பயன்? பரந்தனுக்கு உள்ளே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக மருந்து கொடுக்கிறேன். நாட்டு மருந்தையும் இங்கிலீசு மருந்தையும் ஒன்றாக விழுங்கிவிட்டு வரும் சனத்தோடு கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால் எல்லாருக்கும் ஒரே பாட்டு: "இடைவெளி விடுங்கோ."

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு ஏக்கர் வயலைத் தனியாளாகப் பார்க்கிறவர். ஒரே மகன் சிவகரன் 2012இல் அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறினான். அந்தப் படகு போய்ச் சேர்ந்ததென்றும் யாரும் சொல்லவில்லை, சேரவில்லையென்றும் யாரும் சொல்லவில்லை. போவதற்கு முந்திய வருடம் வவுனியாவிலிருந்து ஓர் ஒட்டுக்கன்று வாங்கிவந்து கிணற்றடியில் வைத்தான். கிரேப் புருட். தோடம்பழத்தைவிடப் பெரிசு, உள்ளே சிவப்பு, கைப்பும் புளிப்பும். அந்த மரம் எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை.

இந்தத் தை மாதம்தான் அவருக்குப் பிரஷருக்கு நிபெடிபினும் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் தொடங்கினார்கள். இந்த வருடம் மரம் பழுக்கத் தொடங்கிய நேரம் மருந்து கொடுக்கும் சன்னலில் வந்து கேட்டார். "பழச்சாறு குடிக்கலாமோ பிள்ளை?" என்ன பழம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலை நிமிராமலே பாட்டைப் பாடிவிட்டேன்.

அடுத்த கிளினிக்குக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. எழும்பினால் தலை சுற்றுகிறதாம், தொடையெல்லாம் உளைவாம். பிரஷர் தொண்ணூற்றாறுக்கு இறங்கியிருந்தது. குளிசையைக் கூட்டிப் போட்டாரோ என்று மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரி. பிறகுதான், புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சிவகரன்ர மரத்துச் சாறுதான். விடிய ஒரு பெரிய கிளாஸ். குளிசை இரவில. பன்னிரண்டு மணித்தியாலம் விட்டுத்தானே குடிச்சனான். நீதானே பிள்ளை சொன்னனீ."

எனக்கு முகம் சுட்டது. கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, குடல் சுவரில ஒரு நொதியம் இருக்கு. நீங்கள் விழுங்குற இந்தக் குளிசையில ஒரு பங்கை அது உடைச்சுப்போடும். மிச்சம்தான் ரத்தத்துக்குப் போகும். அதை யோசிச்சுத்தான் அளவு வைச்சிருக்கு. இந்தப் பழம் அந்த நொதியத்தைப் பழுதாக்குது. பிறகு உடைக்க ஆள் காணாது. ஒரு குளிசை போட்டாலும் கூடப் போட்ட மாதிரி."

"அதுக்குத்தானே இடைவெளி?"

"சாறும் குளிசையும் வயித்துக்குள்ள சந்திச்சுச் சண்டை பிடிச்சால் இடைவெளி உதவும். இது அப்பிடியில்லை. நொதியம் பழுதானால் பழுதானதுதான். உடம்பு புதுசு செய்யவேணும். அதுக்கு ஒரு நாள், சிலவேளை கூடவும் செல்லும். அதுக்குள்ள நீங்கள் அடுத்த கிளாஸைக் குடிச்சிடுறியள்."

"பழசு திரும்பாதோ?"

"திரும்பாது. புதுசுதான் வரும்."

"எல்லாத்துக்கும் புதுசு வருமோ பிள்ளை" என்றார்.

பிறகும் என் புத்தி போகவில்லை. "சாறை விடுங்கோ அம்மா, அவ்வளவுதான். பழத்தைச் சந்தையில குடுக்கலாம்" என்றேன்.

"எனக்கு அது பிடிக்கிறதேயில்லை. ஒரே கைச்சல். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குடிக்கிறனான்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "அவன் வந்து நிண்டு, அம்மா, மரம் காய்ச்சதோ, குடிச்சனீங்களோ எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? குளிசை போட்டதால குடிக்கேல்லை எண்டோ?"

பதினான்கு வருடமாக அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்கு மகனைப் பார்க்கவேண்டும். அதற்கு எங்கள் அலுமாரியில் மருந்து இல்லை.

ஆனால் வேறு குளிசைகள் இருந்தன. நான் எழும்பி நேரே டொக்டரிடம் போனேன். தொடை உளைவுக்காக அவர் முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தசைக்குப் பழுதில்லை. பிரஷர் குளிசையை எனலாபிரிலாகவும் கொழுப்புக் குளிசையை ரொசுவாஸ்டாட்டினாகவும் மாற்றி எழுதினார். இரண்டும் குடலில் அந்த நொதியத்தை எதிர்பார்த்து நிற்பவை அல்ல. தலைச்சுற்று நிற்கும்வரை சாறு வேண்டாம், பிறகு குடிக்கலாம் என்றார்.

போன கிழமை அம்மா நிமிர்ந்து நடந்து வந்தார். வீக்கம் வற்றியிருந்தது. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சன்னலில் வைத்தார்.

"குடிச்சனீங்களோ அம்மா?"

"ஓம். கைக்குது. இது உனக்கு. நீ குளிசை ஒண்டும் போடுறேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப குடி. நான் இல்லாத நேரம் அவன் வந்தாலும் சொல்ல ஒரு ஆள் வேணும்."

வீட்டுக்குப் போய்ப் பிழிந்து, சீனி போடாமல் முழுவதையும் குடித்தேன். சரியான கைச்சல். சிவகரன் வந்து கேட்டால், குடித்தேன் என்று சொல்ல இப்போது நானும் இருக்கிறேன்.